எதை மாற்றச் சொல்கிறீர்கள்?

எங்கள் குடியிருப்பில் மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆட்கள் வருவதாக இருந்தது. லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட ஓர் அறிவிப்பு வேண்டும். சங்கத்துச் செயலாளர், இரண்டாவது மாடியில் இருக்கும் கல்லூரி மாணவியிடம் எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதியது இது:

"அன்பார்ந்த குடியிருப்புவாசிகளுக்கு வணக்கம். நமது மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணி வரும் ஞாயிற்றுக்கிழமை நடைபெற இருப்பதால், அன்று காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை தண்ணீர் வராது. அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

செயலாளர் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணிக் குடும்மா" என்றார்.

அவள் வீட்டுக்குப் போய், "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி சேர்த்து, "கேட்டுக்கொள்கிறோம்" என்பதைப் "பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" ஆக்கிக்கொண்டு வந்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் முறை பாதியாகச் சுருக்கினாள். அதற்கும் அதே முகம். மூன்றாம் முறை "தண்ணீர் வராது" என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டு, மேலே ஒரு குழாய்ப் படமும் வைத்து எடுத்து வந்தாள். "இல்லம்மா, இது இல்ல" என்றார் அவர். அவள் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அந்தத் தாளை வாங்கினேன். பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்துவது என் வேலை. இந்தக் காட்சியை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அவள் செய்த மூன்றுமே "நல்லா பண்ணு" என்பதற்குச் சரியான பதில்கள்தாம். மரியாதை கூடினாலும் நல்லதே, சுருங்கினாலும் நல்லதே, தூரத்திலிருந்து கண்ணில் பட்டாலும் நல்லதே. சிக்கல் என்னவென்றால் இந்த மூன்று நல்லதும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை. மரியாதையைக் கூட்டினால் அறிவிப்பு நீளும். சுருக்கினால் பேச்சு வெட்டென்று ஆகும். எழுத்தைப் பெரிதாக்கினால் இடம் போதாது, எதையாவது எடுக்க வேண்டிவரும். ஒரு திசையில் முன்னேறும்போதே இன்னொரு திசையில் பின்வாங்குகிறோம். எந்தத் திசை என்று சொல்பவர் சொல்லாவிட்டால், கேட்பவர் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்துகொண்டு மற்றவற்றைக் கெடுக்கத்தான் நேரும்.

"நல்லா" என்ற சொல்லை நாம் நாள் முழுக்கப் புழங்குகிறோம், பெரும்பாலும் அது வேலையும் செய்கிறது. "துணியை நல்லா துவை" என்றால் யாருக்கும் குழப்பமில்லை. அழுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். துவைப்பது என்ற செயலுக்குள்ளேயே அதன் அளவுகோல் இருக்கிறது. அதே சொல்லைச் சொல்லிப் பட்டுப்புடவையை ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அழுக்குப் போக வேண்டும், சாயம் போகக் கூடாது, சரிகை கறுக்கக் கூடாது. அளவுகோல் ஒன்றுக்கு மேல் வந்ததுமே "நல்லா" ஆபத்தான சொல் ஆகிவிடுகிறது. எழுத்து எப்போதுமே பட்டுப்புடவைதான்.

செயலாளர் மனத்தில் இருந்தது என்ன? உட்கார வைத்துக் கேட்டேன். "சார், இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன பயம் வருது?" அவர் யோசிக்கவே இல்லை. "போன தடவை மாதிரி ஆயிடுமோன்னுதான். தண்ணி வரலன்னதும் ரெண்டு வீட்டுல குழாயைத் திறந்து பார்த்துட்டு அப்படியே விட்டுட்டு வெளியே போயிட்டாங்க. ரெண்டு மணிக்கு வால்வைத் திறந்தோம். ஹாலெல்லாம் தண்ணி. கீழ் வீட்டுச் சீலிங் வரைக்கும் ஊறிப்போச்சு. அப்புறம், முதல்ல வர்ற தண்ணி கலங்கலா வரும். அதைப் பிடிச்சு அரிசி களைஞ்சிட்டு எனக்குப் போன் பண்ணித் திட்டினாங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். போன தடவை தொட்டி கழுவியபோது அவள் குடும்பம் இந்தக் குடியிருப்புக்கே வந்திருக்கவில்லை.

அவளுடைய அறிவிப்பில் இருந்த குறை சொல்லிலும் இல்லை, நடையிலும் இல்லை. அங்கே இருக்க வேண்டிய ஒரு செய்தி அவளிடம் இல்லை, அவரிடம் மட்டுமே இருந்தது. அவள் முப்பது முறை திருத்தி எழுதியிருந்தாலும் "குழாயை மூடி வையுங்கள்" என்ற வரி அந்தத் தாளில் வந்திருக்காது. என் மேசைக்கு வரும் கட்டுரைகளிலும் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆசிரியர் "சரியாக வரவில்லை" என்று உணர்கிற இடத்தில் பெரும்பாலும் ஏதோ ஒன்று இல்லாமல் இருக்கிறது. எழுதியவரோ, இருக்கிற சொற்களையே புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிச் சொற்களைப் புரட்டுவதை அமெரிக்க எழுத்துப் பயிற்சி ஆய்வாளர் நான்சி சாமர்ஸ் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்தார். மாணவர்கள் 20 பேர், எழுதிப் பழகிய பெரியவர்கள் 20 பேர் தங்கள் எழுத்தை எப்படித் திருத்துகிறார்கள் என்று அவர் ஒப்பிட்டார். திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது என்றே மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பழகியவர்கள் வாதத்தின் வடிவத்தைத் தேடினார்கள், வாசகர் எங்கே நிற்பார் என்று பார்த்தார்கள். "இன்னும் நல்லா" என்ற குறிப்பு பழகாத கையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே விடை. மேற்பரப்பில் கை போகும், ஏனென்றால் கைக்கு எட்டுவது அதுதான்.

சொல்பவருக்கு இது ஏன் தெரிவதில்லை? அவர் சோம்பேறி என்றோ அலட்சியக்காரர் என்றோ நான் நினைக்கவில்லை. 1990-இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளில் ஒன்றின் தாளத்தை ஒருவர் மேசைமேல் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் காதுக்குள் ராகமும் சொல்லும் சேர்ந்தே ஒலிக்கின்றன. கேட்பவர் காதில் விழுவது டொக் டொக் மட்டும்.

செயலாளர் "நல்லா பண்ணும்மா" என்றபோது அவர் காதுக்குள் ஊறிப்போன சீலிங்கும் போனில் வந்த திட்டும் ஒலித்துக்கொண்டிருந்தன. தான் முழுசாகச் சொல்லிவிட்டதாகவே அவருக்குப் பட்டிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அவர் ஏமாந்துபோனார், கோபமும் கொஞ்சம் வந்தது.

ஒரு குறிப்பில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க, நான் அதை வேறொரு தாளின்மேல் வைத்துப் பார்ப்பேன். "இன்னும் தெளிவு தேவை" என்று ஒரு கட்டுரையின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை அப்படியே எடுத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் சமையல் கட்டுரையின் ஓரத்தில் ஒட்டினாலும் பொருந்துமானால், நான் இந்தக் கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாமர்ஸ் 1982-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், ஆசிரியர்கள் மாணவர் தாள்களில் எழுதும் குறிப்புகளைப் பற்றி இதையே சொன்னார்: ரப்பர் ஸ்டாம்பு குத்தியதுபோல, எந்தத் தாளுக்கும் மாற்றி வைக்கலாம். செயலாளர் பிறகு சொன்ன குழாய்க் கதையை வேறு எந்த அறிவிப்பிலும் ஒட்ட முடியாது.

தீர்வையும் குறிப்பு எழுதுபவரே சொல்ல வேண்டும் என்பதில்லை. பலர் இங்கே தயங்குகிறார்கள். "எப்படி மாற்றுவது என்று எனக்கே தெரியாதபோது நான் என்ன எழுதுவது?" என்று கேட்கிறார்கள். படித்தபோது தனக்கு என்ன நடந்தது என்று எழுதினால் போதும். "மூன்றாவது பத்தி வரை வேகமாக வந்தேன், நான்காவதில் யார் பேசுகிறார் என்று தெரியாமல் திரும்பப் போய்ப் படித்தேன்." இதில் தீர்வு எதுவும் இல்லை. ஆனால் இடம் இருக்கிறது, அங்கே தடுக்கிய கால் இருக்கிறது. எழுதியவருக்கு அது போதும், பாதையைச் சரி செய்ய அவருக்குத் தெரியும். சொல்லப்போனால், "இந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்தச் சொல்லைப் போடு" என்று வரிக்கு வரி கட்டளையிடுவதைவிட இதுவே மேல். கட்டளையை நிறைவேற்றுபவர் அந்த ஒரு வரியைத்தான் மாற்றுவார். ஏன் என்று தெரிந்தவர், நாம் கவனிக்காமல் விட்ட இன்னொரு வரியையும் சேர்த்துச் சரி செய்வார்.

தொடக்கூடாததையும் சொல்லிவிடுவது நல்லது. "நேரம் எழுதியிருக்கும் விதம் தெளிவு, அதைத் தொடாதே" என்று செயலாளர் முதலிலேயே சொல்லியிருந்தால், இரண்டாம் முறை சுருக்கியபோது அவள் "காலை 9 மணி முதல்" என்பதை விட்டுவிட்டு "மதியம் 2 மணி வரை தண்ணீர் வராது" என்று எழுதியிருக்க மாட்டாள். நல்லதும் கெட்டதும் எது எது என்று தெரியாதவர் கையில் நல்லதும்தான் அடிபடும்.

ஒற்றை வரி போதுமான இடங்களும் உண்டு. என்னோடு 11 ஆண்டுகளாக வேலை செய்யும் லேஅவுட்காரரிடம் "கொஞ்சம் பாருங்க" என்பேன். அவர் தலைப்புக்கும் படத்துக்கும் நடுவில் இடம் விட்டுக் கொண்டுவருவார். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான இதழ்களின் பேச்சு இருக்கிறது. நேற்றுச் சேர்ந்தவரிடம் அதே இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

சொல்பவருக்கே வாய் வராதபோது, வாங்குபவர் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. "என்ன மாற்றணும்?" என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் "என்னமோ சரியில்ல" என்ற பதிலே வரும். அதைவிட, வேண்டுமென்றே இரண்டு வேறு திசையில் எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுவா, அதுவா?" என்று கேட்கலாம். ஒன்றைச் சொல்லத் தெரியாதவர்கூட இரண்டில் ஒன்றைச் சுட்டிவிடுவார். சுட்டியதும், ஏன் என்பதும் பின்னாலேயே வந்துவிடும்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் நான்காம் முறை எழுதினாள். எடுத்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை.

"ஞாயிறு காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை தண்ணீர் வராது (தொட்டி சுத்தம் செய்கிறார்கள்). சனி இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். 2 மணிக்கு முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். தெளியும்வரை சமையலுக்குப் பிடிக்காதீர்கள்."

செயலாளர் படித்துவிட்டு, "ம், ஒட்டிடு" என்றார். தேதி இல்லை என்று நான் சொன்னேன், பேனாவால் எழுதிச் சேர்த்தாள். போன மாதம் லிஃப்ட் சர்வீஸுக்கு அறிவிப்பு வேண்டும் என்று அவர் வந்து நின்றபோது, அவள் தாளை எடுக்கவில்லை. "போன தடவை சர்வீஸ் பண்ணினப்ப என்ன சார் ஆச்சு?" என்று கேட்டாள். அவர் சோபாவில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.