ஈயத்துக்கு ஒரு மருந்து, பாதரசத்துக்கு வேறு மருந்து: ஏன்?

உடலில் ஈயம் ஏறிப்போன குழந்தைக்குத் தரும் மருந்துகளில் ஒன்று எடிடேட் கால்சியம் டைசோடியம். சுருக்கமாக இடிடிஏ என்பார்கள். நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் சிக்கும் ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியே வெளியே கொண்டுபோய்விடும். பாதரச நஞ்சு ஏறியவருக்கு அதே மருந்து உதவுவதில்லை. இத்தனைக்கும் சோதனைக் குழாயில் இடிடிஏ ஈயத்தைவிடப் பாதரசத்தைத்தான் இறுக்கமாகப் பிடிக்கிறது. குழாயில் பிடிப்பது உடலுக்குள் ஏன் பிடிபடவில்லை? எந்த உலோகம் எதோடு சேரும் என்பதற்கு வேதியியலில் இருக்கும் ஒரு எளிய விதியைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம்.

தண்ணீரில் கரைந்த உலோக அயனி தனியாக இருப்பதில்லை. எலக்ட்ரான் இரட்டையைத் தரக்கூடிய ஏதாவது ஒன்று அதைச் சூழ்ந்து பிடித்திருக்கும். அப்படிப் பிடிப்பதை ஈனி என்கிறோம். தண்ணீரும் ஈனிதான், குளோரைடும் அமோனியாவும் புரதத்தில் உள்ள கந்தகமும் ஈனிகள்தான். எலக்ட்ரானைப் பெறும் உலோக அயனி இங்கே அமிலம், தரும் ஈனி காரம். புளிப்போடும் லிட்மஸ் தாளோடும் இதற்குத் தொடர்பில்லை. இது லூயி வகுத்த பொருளில் வரும் அமிலமும் காரமும்.

1958-ல் ஆர்லாண்ட், சாட், டேவிஸ் என்ற மூவர் உலோக அயனிகள் இரண்டு கூட்டமாகப் பிரிவதைச் சுட்டிக்காட்டினார்கள். 1963-ல் அமெரிக்க வேதியியலாளர் ரால்ஃப் பியர்சன் அதை விரித்து, ஈனிகளையும் சேர்த்து, கடினம், மென்மை என்று பெயரிட்டார். உருவில் சிறியதாக, மின்சுமை மிகுந்து, எலக்ட்ரான்களை இறுக்கி வைத்திருப்பது கடினமானது. அலுமினியம், மெக்னீசியம், கால்சியம், மூன்று நேர்மின்சுமை கொண்ட இரும்பு ஆகியவை கடின அமிலங்கள். ஃபுளோரைடு, ஆக்சிஜன் வழியாகப் பிடிக்கும் பாஸ்பேட், கார்பனேட் ஆகியவை கடின காரங்கள். மென்மையானவை உருவில் பெரியவை. அவற்றின் எலக்ட்ரான் மேகம், பிசைந்த மாவு உருண்டை விரல் பட்டதும் அமுங்குவதுபோல, பக்கத்தில் வரும் மின்சுமைக்கு எளிதில் உருமாறும். பாதரசம், வெள்ளி, தங்கம் மென் அமிலங்கள். அயோடைடும் கந்தகம் தாங்கிய ஈனிகளும் மென் காரங்கள். கடினம் கடினத்தோடும் மென்மை மென்மையோடும் சேரும் என்பதுதான் விதி. முதல் வகைச் சேர்க்கையில் எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு மேலோங்கும். இரண்டாவதில் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பிணைப்பு மேலோங்கும்.

அளந்து பார்த்த எண்களில் இது பளிச்சென்று தெரியும். ஓர் உலோகமும் ஈனியும் எவ்வளவு உறுதியாகச் சேர்ந்திருக்கின்றன என்பதை நிலைப்பு மாறிலி சொல்கிறது. அதன் மடக்கை ஒன்று கூடினால் பிடி பத்து மடங்கு கூடியதாகப் பொருள். பாதரச அயனிக்கு இந்த மடக்கை ஃபுளோரைடோடு ஏறத்தாழ 1, குளோரைடோடு 7, புரோமைடோடு 9, அயோடைடோடு 13. இரும்புக்கு வரிசை தலைகீழ்: ஃபுளோரைடோடு ஏறத்தாழ 6, குளோரைடோடு 1.5, புரோமைடோடு அதற்கும் கீழே. ஈனிகள் அதே நான்கு ஹாலைடுகள்தான். ஆகவே நல்ல ஈனி, மோசமான ஈனி என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. யாருக்கு நல்லது என்று கேட்க வேண்டும்.

பூமியின் தாதுக்களும் இந்த விதிப்படி பிரிந்துதான் கிடக்கின்றன. ஏற்காட்டு பாக்சைட்டில் அலுமினியமும், சேலத்து மாக்னசைட்டில் மெக்னீசியமும் ஆக்சிஜனோடு பிணைந்திருக்கின்றன. சித்த மருத்துவத்தில் லிங்கம் என்று வழங்குவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு. தாளகம் ஆர்சனிக்கின் சல்பைடு.

நம் உடலிலும் இரு வகைக் காரங்களும் உண்டு. எலும்பு முழுக்கக் கால்சியம் பாஸ்பேட். அது கடினத்தின் இடம். சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கந்தகம் இருக்கும். அது மென்மையின் இடம். பாதரசம் உள்ளே வந்தால் நேராகச் சிஸ்டைனைத்தான் நாடும். அந்தக் கந்தகத்தை நம்பி வேலை செய்யும் நொதிகள் முடங்கும். சிறுநீரகத்தில் கந்தகம் செறிந்த மெட்டலோதயோனின் என்ற புரதத்தில் பாதரசம் போய்த் தங்கும்.

ஈயம் இரண்டுக்கும் நடுவே நிற்பது. பியர்சன் அதை எல்லைக்கோட்டு அமிலங்களில் சேர்த்தார். அது உடலில் செய்யும் இரட்டைக் கேட்டுக்குக் காரணம் அந்த நடுநிலைதான். ஹீமோகுளோபினுக்கு வேண்டிய ஹீம் உருவாக உதவும் ஒரு நொதியில், மூன்று சிஸ்டைன்கள் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கின்றன. ஈயம் அந்தத் துத்தநாகத்தை வெளியேற்றிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இது அதன் மென்மையான முகம். இன்னொரு பக்கம் எலும்பில் கால்சியத்தின் இடத்தில் பாஸ்பேட்டோடு சேர்ந்தும் உட்கார்ந்துகொள்கிறது. பெரியவர்கள் உடலில் சேர்ந்திருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில்தான் இருக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லூயிசைட் என்ற நச்சுப் பொருளை எதிரி வீசக்கூடும் என்று பிரிட்டன் அஞ்சியது. தோலைக் கொப்புளமாக்கும் அந்தப் பொருளில் ஆர்சனிக் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் மாற்று மருந்து தேடினார்கள். ஆர்சனிக் கந்தகத்தைத் தேடிப் போகிறது என்பது தெரிந்திருந்ததால், கந்தகம் உள்ள சிறு மூலக்கூறைக் கொடுத்தால் போதும் என்று தோன்றியது. ஆனால் ஒற்றைக் கந்தகம் உள்ள பொருள்கள் காப்பாற்றவில்லை. ஆர்சனிக் புரதத்தில் அருகருகே உள்ள இரண்டு கந்தகங்களை ஒரே நேரத்தில் பற்றியிருந்தது. ஒற்றைப் பிடியால் அதைப் பிரிக்க முடியவில்லை. எனவே அடுத்தடுத்த இரண்டு கார்பன்களில் இரண்டு கந்தகம் அமைந்த டைமெர்காப்ரால் என்ற மூலக்கூறைச் செய்தார்கள். ஆர்சனிக்கை அது இரு கையாலும் பிடிக்கும்போது ஓர் ஆர்சனிக், இரண்டு கந்தகம், இரண்டு கார்பன் என ஐந்து அணு வளையம் உருவாகிறது. புரதம் பிடிப்பதைவிட அந்த வளையம் உறுதியானது. போர் ரகசியமாக இருந்த இந்த வேலை 1945-ல் வெளியானது. பியர்சனின் விதி வந்தது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

மருந்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இங்கே இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. கந்தகம் வேண்டும் என்று கடினம்–மென்மை விதி காட்டிவிடும். எத்தனை கந்தகம், எவ்வளவு இடைவெளியில் என்பதை அது சொல்லாது. ஒரே ஈனி பல இடங்களில் பிடிப்பதால் வரும் கூடுதல் உறுதி தனிக் கணக்கு.

இடிடிஏவின் புதிரும் இப்போது அவிழும். இடிடிஏ நான்கு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன் என ஆறு இடங்களில் உலோகத்தைச் சுற்றிப் பிடிக்கும். ஆறு கை இருப்பதால் மென்மையான பாதரசத்தைக்கூட மடக்கை 21.8 என்ற அளவில் பிடிக்கிறது. ஈயத்துக்கு அது 18. ஆனால் உடலுக்குள் வரும் இடிடிஏ வெறும் தண்ணீரிடமிருந்து பாதரசத்தைப் பெறப்போவதில்லை. அதை ஏற்கெனவே பிடித்திருக்கும் கந்தகத்திடமிருந்து பிடுங்க வேண்டும். இரண்டு சிஸ்டைன்கள் சேர்ந்து பாதரசத்தைப் பிடிக்கும் உறுதியின் மடக்கை 40-ஐ ஒட்டி வருகிறது. ரத்தத்தின் அமிலநிலை, ஈனிகளின் அளவு ஆகியவற்றுக்காக எவ்வளவு கழித்துப் பார்த்தாலும் இடிடிஏ வெகுதூரம் பின்தங்கிவிடுகிறது. கந்தகத்திடமிருந்து பாதரசத்தைப் பிரிக்கக் கந்தகமே வேண்டும். அதனால்தான் பாதரசத்துக்கு டைமெர்காப்ராலும், அதே இரட்டைக் கந்தகத்தைத் தாங்கி மாத்திரையாக விழுங்கக்கூடிய சக்சிமரும் பயன்படுகின்றன. சக்சிமர் ஈயத்தையும் பிடிக்கும். நடுநிலை உலோகத்துக்கு இரு வழியும் திறந்திருக்கிறது.

ஈயத்துக்கு இடிடிஏ போகும்போது வேறொரு போட்டி. ரத்தத்தில் கால்சியம் ஏராளம். அதுவும் கடின அயனி, இடிடிஏவின் ஆக்சிஜன்களுக்குப் பொருத்தமானது. அதற்கு மடக்கை 10.7. ஈயத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 7.3, அதாவது ஈயத்தின் பிடி ஏறத்தாழ இரண்டு கோடி மடங்கு இறுக்கம். ஆகவே கால்சியத்தை முன்பே ஏற்றி வைத்த இடிடிஏவைக் கொடுத்தால், ஈயத்தைக் கண்டதும் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடிக்கும். ரத்தத்தின் கால்சியம் குறையாது. மருந்தின் பெயரில் கால்சியம் இருப்பது இதற்காகத்தான். துத்தநாகத்துக்கு மடக்கை 16.5, ஈயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் முப்பது மடங்கு அளவே. உடலில் துத்தநாகம் நிறைய இருப்பதால் சிகிச்சையின்போது அதுவும் சிறுநீரில் போய்விடுகிறது.

கால்சியம் ஏற்றாத இன்னொரு மருந்து உண்டு. அதன் பெயர் எடிடேட் டைசோடியம். பெயரில் ஒரு சொல்தான் குறைவு. அதை ஏற்றினால் முதலில் கையில் சிக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; ரத்தத்தில் கால்சியம் சரியும், இதயம் நின்றுவிடவும் கூடும். 2003-க்கும் 2005-க்கும் இடையே அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் இப்படிப்பட்ட சிகிச்சையில் மூவர் இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. அவர்களில் இருவர் குழந்தைகள். உடலில் உள்ள உலோகங்களை வெளியேற்றித் தூய்மைப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகும் யாரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். வேண்டாததை மட்டும் பார்த்துப் பிடிக்கும் ஈனி எதுவும் இல்லை.

விதிக்கு எட்டாத இன்னொன்றும் உண்டு: பிடித்த உலோகத்தை ஈனி எங்கே கொண்டுபோகும் என்பது. டைமெர்காப்ரால் எண்ணெயில் கரையும். கடலை எண்ணெயில் கலந்துதான் தசையில் ஊசியாகப் போடுகிறார்கள். எண்ணெயில் கரைவதால் செல்லுக்குள்ளும் நுழையும். மீன் வழியாக உடலில் சேரும் மெத்தில் பாதரசத்துக்கு அதைக் கொடுத்தால், பாதரசம் மூளைக்குள் இடம்பெயர்ந்துவிடும் என்பதால் அந்த நஞ்சுக்கு அது கூடாது. பிடிப்பின் வேதியியல் சரியாக இருந்தும் மருந்து தவறாகிறது.

ஈயத்திலும் ஊசி முடிந்ததோடு வேலை முடிவதில்லை. சிகிச்சைக்குப் பின் ரத்தத்தில் ஈயம் இறங்கும். சில நாள்களில் மறுபடி ஏறும். எலும்பில் பாஸ்பேட்டோடு இருந்த ஈயம் மெல்ல ரத்தத்துக்கு வருவதே காரணம். அதனால் மருத்துவர்கள் சில வாரங்களில் மீண்டும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் மறுசுற்று மருந்து தருகிறார்கள். உதிரும் பழைய பெயின்டோ, பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையோ ஈயம் வந்த இடமாக இருந்து, குழந்தை அங்கேயே திரும்பிப் போனால், எத்தனை சுற்று மருந்து கொடுத்தும் பயனில்லை.