பதில் வராதபோது மறுபடி கேட்பது எப்படி?

2015 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அமேசான் நடத்தும் கிளவுட் மையங்களில் நெட்வொர்க் சிறிது நேரம் தடங்கியது. பசிபிக் நேரப்படி அதிகாலை 2:19, நம் ஊரில் பிற்பகல் 2:49. நெட்வொர்க் உடனே சரியாகிவிட்டது. ஆனால் டைனமோடிபி என்ற அதன் தரவுத்தளச் சேவை காலை 7:10 வரை எழுந்திருக்கவில்லை. மோசமான நேரத்தில் அதற்கு வந்த கோரிக்கைகளில் பாதிக்கு மேல் தோற்றன. டைனமோடிபியை நம்பியிருந்த வேறு பல சேவைகளும் சேர்ந்து தடுமாறின.

சில நிமிடக் கோளாறு ஏன் ஐந்து மணி நேரம் நீடித்தது? இதற்கான விளக்கத்தை அமேசானே பின்னர் வெளியிட்டது. கணினிகள் ஒன்றோடொன்று பேசும் எந்த அமைப்பைக் கட்டுபவரும் அதை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

டைனமோடிபியில் தரவைச் சேமிக்கும் சர்வர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு சர்வரும் 'என் பொறுப்பில் எந்தெந்தப் பகுதிகள் இருக்கின்றன?' என்று ஒரு மத்தியச் சேவையிடம் அவ்வப்போது கேட்டு உறுதி செய்துகொள்ளும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால், தவறான தரவைக் கொடுத்துவிடக் கூடாதே என்று தானாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்ளும். பிறகு மறுபடி கேட்கும். இதுவரை எல்லாம் சரியான ஏற்பாடுதான். ஆனால் புதிய வசதி ஒன்றால் அந்தப் பதிலின் அளவு மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே வந்திருந்தது. பதில் தயாரிக்க ஆகும் நேரம் கெடுவின் விளிம்பைத் தொட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நெட்வொர்க் தடங்கி மீண்டதும் ஏராளமான சர்வர்கள் ஒரே நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டன. மத்தியச் சேவை திணறியது. கெடு தாண்டிய பதில்கள் வீணாயின, கேட்டவை மறுபடி கேட்டன. இந்த நெரிசலில், அதுவரை நலமாக இருந்த சர்வர்களின் வழக்கமான கேள்விகளுக்கும் பதில் தாமதமாகி, அவையும் விலகி வரிசையில் சேர்ந்துகொண்டன. மத்தியச் சேவைக்குக் கூடுதல் கணினிகளைச் சேர்க்கலாம் என்று பொறியாளர்கள் முயன்றால், அந்தச் சேர்க்கும் கட்டளையைக் கவனிக்கக்கூட அதற்கு நேரமில்லை. கடைசியில் 5:06 மணிக்கு, கேள்விகள் அதனிடம் போவதையே நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகுதான் கணினிகளைக் கூட்டி, மெல்ல மெல்ல மீட்க முடிந்தது.

முதல் கோளாறு முடிந்த பிறகும் அந்தச் சேவையை எழவிடாமல் அழுத்தியது இந்த மறுமுயற்சிகள்தாம். ரீட்ரை என்று பொறியாளர்கள் சொல்லும் இந்தக் காரியம் பார்க்க அப்பாவியாகத் தெரியும். ஒவ்வொரு கணினியும் தன்னளவில் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது. கூட்டிப் பார்த்தால் அதுவே தாக்குதலாகிவிடுகிறது.

உங்கள் கைப்பேசியில் உள்ள செயலியும் நாள்தோறும் இதைச் செய்கிறது. கிளவுட் சர்வர் அளவுக்கு மேல் கோரிக்கைகள் வந்தால் '429' என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். அளவுக்கு மேல் கேட்கிறாய், பொறு என்று அர்த்தம். இப்படி வரம்பு கட்டுவதை த்ராட்லிங் என்பார்கள். '503' வந்தால் சேவை இப்போதைக்கு இல்லை என்று பொருள். இவை தற்காலிகமானவை, பிறகு கேட்டால் கிடைக்கலாம். கோரிக்கையே தப்பு என்று சொல்லும் '400', அனுமதி இல்லை என்று சொல்லும் '403' போன்றவை அப்படியல்ல. நூறு முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். இவற்றை மறுபடி அனுப்பும் செயலிகளை இன்றும் பார்க்க முடிகிறது.

சரி, தற்காலிகப் பிழை என்றால் எவ்வளவு நேரம் பொறுப்பது? சில சர்வர்கள் `Retry-After` என்ற தலைப்பில் எத்தனை விநாடி என்று தாமே சொல்லிவிடும். அப்போது அதற்குக் கட்டுப்பட வேண்டும். சொல்லாதபோது, ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்குவதே வழக்கம்: அரை விநாடி, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. இதற்குப் பெயர் எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃப். ஒரு தோல்வி வெறும் தற்செயலாக இருக்கலாம். தொடர்ந்து நான்கு தோல்வி என்றால் அந்தப் பக்கம் உண்மையிலேயே சிரமத்தில் இருக்கிறது, விரைவாக ஒதுங்க வேண்டும். அதனால்தான் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக வளர்கிறது. ஈதர்நெட் கேபிளில் இரண்டு கணினிகளின் சமிக்ஞைகள் மோதிக்கொண்டால் விலகி நிற்க 1970களிலேயே வகுத்த உத்தியும் இதே குடும்பம்தான்.

இரட்டிப்பாக்கினால் மட்டும் போதாது, இதைப் பலர் தவற விடுகிறார்கள். ஆயிரம் கைப்பேசிகள் ஒரே நொடியில் தோற்றன என்று வையுங்கள். எல்லாம் அரை விநாடி கழித்து ஒன்றாக வரும். மறுபடி தோற்கும். ஒரு விநாடி கழித்து மறுபடி ஒன்றாக வரும். அலைகளுக்கு இடையே சர்வர் சும்மா இருக்கும், அலை வரும்போது மூழ்கும். இடைவெளி நீண்டதே தவிர கூட்டம் கலையவில்லை. கூட்டத்தைக் கலைக்க, அந்தக் காத்திருப்பில் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். மூன்றாவது முறை இரண்டு விநாடி என்றால், சரியாக இரண்டு விநாடி அல்ல. பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் இடையே ஏதோ ஒரு நேரம். இதற்கு ஜிட்டர் என்று பெயர். அமேசானின் மார்க் ப்ரூக்கர் 2015இல் இதைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்து எழுதினார். நூறு கணினிகள் ஒரே பதிவுக்குப் போட்டியிடும் நிலையில், ஜிட்டர் சேர்த்ததுமே மொத்தக் கோரிக்கைகள் பாதிக்கும் கீழே குறைந்தன.

இன்னொரு ஆபத்து அடுக்குகளில் ஒளிந்திருக்கிறது. செயலி மூன்று முறை முயலும். அதன் கோரிக்கையை வாங்கும் சர்வர், தனக்குப் பின்னால் உள்ள சேவையிடம் மூன்று முறை முயலும். அந்தச் சேவை தரவுத்தளத்திடம் மூன்று முறை முயலும். ஒவ்வொன்றையும் எழுதியவர் மூன்று என்பது அடக்கமான எண் என்றே நினைத்திருப்பார். ஆனால் தரவுத்தளம் வாங்குவது 27 அடி. எனவே மறுமுயற்சி ஏதாவது ஓர் அடுக்கில் மட்டும் நடக்க வேண்டும். மொத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பும் வேண்டும்: சாதாரணக் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மறுமுயற்சி போனால், அதன் பிறகு முயலாமல் தோல்வியைத் தோல்வியாகவே சொல்லிவிடுவது நல்லது. இந்த நோயைக் கண்டுபிடிப்பதும் எளிது. வரும் கோரிக்கைகளையும் வெற்றி பெற்றவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் கூடாமல், முதல் கோடு ஏறி இரண்டாவது கோடு இறங்கினால், உங்கள் கணினிகள் தம்மையே அடித்துக்கொண்டிருக்கின்றன.

இதுவரை சொன்னது எப்போது கேட்பது என்பது பற்றி. கேட்கலாமா என்ற கேள்வி அதைவிடக் கடினமானது.

1,850 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கி, 'பணம் செலுத்து' என்பதைத் தொடுகிறீர்கள். பத்து விநாடி சுற்றிக்கொண்டே இருந்து, பதில் வராமல் நின்றுவிடுகிறது. கோரிக்கை போய்ச் சேரவே இல்லையா? சேர்ந்து, வேலை பாதியில் நின்றதா? அல்லது பணம் எடுத்தாகிவிட்டது, 'முடிந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? கைப்பேசியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூன்றாவது நடந்திருக்கும்போது செயலி மறுபடி அனுப்பினால் 3,700 ரூபாய் போய்விடும். மறுபடி அனுப்பாமல் விட்டால், முதலாவது நடந்திருந்தால் ஆர்டரே இல்லை.

ஆகவே, எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே முறை நடந்ததற்குச் சமமாக இருக்கும்படி அந்த வேலையை அமைக்க வேண்டும். இந்தக் குணத்தை இடெம்பொடென்ட் என்கிறார்கள். 'முகவரியை இதுவாக மாற்று' என்பது இயல்பிலேயே அப்படிப்பட்டது. பத்து முறை சொன்னாலும் முகவரி ஒன்றுதான். 'கணக்கிலிருந்து 1,850 கழி' என்பது அப்படியல்ல. அதற்கு ஓர் அடையாள எண்ணைச் சேர்க்க வேண்டும். ஸ்ட்ரைப் போன்ற பணப்பரிமாற்ற நிறுவனங்கள் இதை `Idempotency-Key` என்ற தலைப்பில் வாங்குகின்றன. செயலியின் பக்கம் இது இவ்வளவுதான்:

```python
key = str(uuid.uuid4())
for n in range(5):
    reply = send(order, key)
    if not temporary(reply):
        break
    time.sleep(random.uniform(0, min(8, 0.5 * 2**n)))
```

இங்கே முக்கியம் முதல் வரி இருக்கும் இடம். அது சுழற்சிக்கு மேலே இருக்கிறது. அதை ஒரு வரி கீழே, சுழற்சிக்குள் நகர்த்தினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் உருவாகும். சர்வர் ஒவ்வொன்றையும் புது ஆர்டர் என்று நம்பும். சோதனையில் இந்தப் பிழை பிடிபடாது, ஏனென்றால் சோதனையின்போது பதில் தொலைவதே அபூர்வம். இன்னும் கவனமாக இருப்பவர்கள், வாடிக்கையாளர் பொத்தானைத் தொட்ட கணத்திலேயே எண்ணை உருவாக்கி, அனுப்பும் முன்பே கைப்பேசியில் எழுதி வைப்பார்கள். செயலி நடுவில் மூடப்பட்டுத் திறந்தாலும் அதே எண் போகும்.

சர்வர் பக்கம்தான் உண்மையான சாமர்த்தியம் தேவை. எண் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் பணத்தைக் கழிக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒரே எண்ணுடன் இரண்டு கோரிக்கைகள் சில மில்லிவிநாடி இடைவெளியில் வந்தால், இரண்டுமே 'இல்லை' என்று பார்த்துவிட்டு இரண்டுமே கழிக்கும். அதனால் பார்ப்பதை நம்பாமல், எண்ணை எழுதுவதையே பூட்டாக வைக்க வேண்டும். அந்த எண் ஒரே முறைதான் இடம்பெறலாம் என்று தரவுத்தளத்திலேயே விதி போட்டு, எண்ணை எழுதுவதையும் பணத்தைக் கழிப்பதையும் பிரிக்க முடியாத ஒரே பரிவர்த்தனையாக்கினால், இரண்டில் ஒன்று தோற்றே ஆக வேண்டும். முதல் கோரிக்கை தந்த பதிலை அந்த எண்ணோடு சேமித்து வைத்து, பிறகு வரும் அதே எண்ணுக்கு அந்தப் பதிலையே திருப்பித் தர வேண்டும். அதே எண்ணோடு வேறு தொகை வந்தால், பிழை என்று மறுக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. எண்களை என்றென்றும் வைத்திருக்க முடியாது. ஸ்ட்ரைப் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்கும் என்கிறது. இரண்டு நாள் இணைப்பில்லாமல் கிடந்து, பிறகு பழைய கோரிக்கையை அனுப்பும் செயலிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட செயலி கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பக் கூடாது. அந்த ஆர்டரின் நிலை என்ன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு, பணம் கழிந்த பிறகு வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தி உங்கள் தரவுத்தளத்துக்கு வெளியே நடப்பது, அதைப் பரிவர்த்தனைக்குள் பூட்ட முடியாது. குறுஞ்செய்தி இரண்டு முறை போகும் வாய்ப்பை ஏற்றுக்கொண்டு, கணக்கு மட்டும் ஒரே முறை கழியும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

உங்கள் அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். சர்வர் வேலையை முடித்த பிறகு, பதிலை அனுப்பும் முன்பு, இணைப்பை வேண்டுமென்றே துண்டியுங்கள். செயலியை மறுபடி முயல விடுங்கள். பிறகு கணக்கைத் திறந்து எத்தனை முறை கழிந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.