துபாயில் கார்: வாங்கும்போதே விற்பதை யோசியுங்கள்

மூன்று வருட வேலைக்கு துபாய் போகிறவர் ஐந்து வருடக் கடனில் கார் வாங்கினால் சிக்கல் கடைசியில்தான் தெரியும். 60,000 திர்ஹம் காருக்கு 20 சதவீதம் முன்பணம் போக 48,000 கடன். மூன்று வருடம் கழித்தும் சுமார் 20,000 பாக்கி நிற்கும். காரின் பதிவு அட்டையான முல்கியாவில் வங்கியின் அடமானம் இருக்கும்வரை பெயர் மாற்ற முடியாது. பாக்கியை அடைத்து, வங்கி அடமானத்தை நீக்கிய பிறகே விற்பனை. இதற்கு நாளாகும், போக்குவரத்து அபராதமும் தீர்ந்திருக்க வேண்டும். எனவே எமிரேட்ஸ் அடையாள அட்டை செல்லுபடியாகும்போதே, விசா ரத்துக்கு இரண்டு மாதம் முன்பு விற்கத் தொடங்குங்கள். டிக்கெட் போட்டபின் விற்பவரிடம் வியாபாரி அடிமாட்டு விலைதான் கேட்பார். வளைகுடா வெப்பத்துக்கென்று தயாரான வண்டிக்கே கிராக்கி. அமெரிக்காவிலிருந்து வந்த விபத்து வண்டி மலிவாகக் கிடைத்தாலும் விற்கும்போது தலைவலிதான்.