டெட் தேர்வு: உளவியல் குறிப்பேட்டை எப்படித் தயாரிப்பது?

ஆசிரியர் தகுதித் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். அதில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் பகுதிக்கு உரியது. பலரும் இதற்குப் பியாஜே, வைகாட்ஸ்கி, ஸ்கின்னர் என்று பெயர்வாரியாகக் குறிப்பெடுக்கிறார்கள். ஆனால், கோட்பாட்டின் பெயரைச் சொல்லாமல் ஒரு வகுப்பறைக் காட்சியைக் கொடுத்து, இது எதற்கு எடுத்துக்காட்டு என்று கேட்கும் வினாக்களும் உண்டு. அங்கே வரையறை தெரிந்தும் விடை மாறிப்போகும்.

அதனால் ஒன்றோடொன்று குழம்பும் கருத்துகளை இணை இணையாகச் சேர்த்து, இணைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் கோடு போட்டு, இருபுறமும் ஒவ்வொரு காட்சியை எழுதுங்கள். இரண்டையும் பிரித்துக் காட்டும் கேள்வி பக்கத்தின் அடியில் வரட்டும்.

ஸ்கின்னரின் எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் பார்ப்போம். "வாரம் முழுக்க வீட்டுப்பாடத்தை முடித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைத் தேர்வு கிடையாது" என்கிறார் ஆசிரியர். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிவருகிறார்கள். இது இடப்பக்கம். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு விளையாட்டு நேரம் ரத்தாகிறது. எழுதாமல் வருவது குறைகிறது. இது வலப்பக்கம். இரண்டிலும் ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது. 'எதிர்மறை' என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் தண்டனையைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். அடியில் எழுத வேண்டிய கேள்வி: அந்தச் செயல் கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை.

ஆசிரியரின் நோக்கத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கவனத்துக்கு ஏங்கும் பையனைத் திட்டத் திட்ட அவன் சேட்டை கூடுகிறதென்றால், அந்தத் திட்டே அவனுக்கு நேர்மறை வலுவூட்டல். இந்தக் காட்சியையும் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

அடுத்த பக்கம் பியாஜேயும் வைகாட்ஸ்கியும். அகன்ற டம்ளரில் இருந்த தண்ணீரைக் குழந்தையின் கண்முன்னே ஒடுக்கமான உயர டம்ளரில் ஊற்றுகிறோம். "இதில்தான் அதிகம்" என்கிறது ஐந்து வயதுக் குழந்தை. அளவு மாறாமை இன்னும் பிடிபடவில்லை. பியாஜே சொல்லும் செயல்பாட்டுக்கு முந்தைய நிலை. இன்னொரு குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் தனியாக வராது. ஆசிரியர் ஒரு குறிப்புக் கொடுத்தால் போட்டுவிடும். இது வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம். இங்கே கேட்க வேண்டியது: காட்சி குழந்தையின் சிந்தனை நிலையைக் காட்டுகிறதா, உதவியால் எட்டக்கூடியதைக் காட்டுகிறதா?

திருப்பிப் பார்க்கும்போது கோட்பாட்டின் பெயரைக் கையால் மூடிவிட்டுக் காட்சியை மட்டும் படியுங்கள். மாதிரித் தேர்வில் தவறினால், சரியான விடையோடு நீங்கள் ஏமாந்து குறித்த விடையையும் எழுதுங்கள். அந்த இரண்டும்தான் குறிப்பேட்டின் அடுத்த இணை.