அந்தாதிகளுக்கு அசையாத முன்சீப்

போன வாரம், வாழ்க்கைக் குறிப்பில் பிறந்த ஊரையும் தந்தை பெயரையும் எங்கே வைப்பது என்று பார்த்தோம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும், விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் ஆண்டுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். உ.வே. சாமிநாதையர் பிறந்த ஆண்டு 1855தானா என்று சரிபார்க்க ‘என் சரித்திர’த்தை எடுத்தேன், அதற்குள்ளேயே இரண்டு நாள் போய்விட்டது. ஆசிரியரோ வெள்ளிக்கிழமை காலையில் கட்டுரை வேண்டும் என்கிறார். ஆகவே ஆண்டுகள் காத்திருக்கட்டும். குறிப்பின் முதல் வரியைப் பார்த்துவிடுவோம்.

நம் பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு அச்சேறும் இடங்கள் உங்களுக்குத் தெரியும். கொடை விழா மலர், கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், மணிவிழா மலர். முதல் வரி எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ‘கல்வித் தந்தை, கொடை வள்ளல், முன்னாள் தலைவர், இந்நாள் புரவலர்’ என்று தொடங்கி, ஆளின் பெயர் வருவதற்குள் மூன்று வரி ஓடிவிடும். படிப்பவர் கண் அந்த மூன்று வரியையும் தாண்டிப் படத்துக்குப் போய்விடுகிறது.

சாமிநாதையருக்கும் இப்படி ஒரு குறிப்பு எழுதலாம். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1925இல் தாக்ஷிணாத்ய கலாநிதி, 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். எல்லாம் உண்மை, எல்லாம் பெரியவை. ஆனால் இந்த மூன்றையும் படித்து முடித்தவருக்கு அவர் என்ன செய்தார் என்று தெரிந்திருக்காது.

இப்போது இந்த வாரம் என்னைப் பிடித்து வைத்துக்கொண்ட பகுதிக்கு வருகிறேன். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. சாமிநாதையருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். போய்ப் பார்க்கும்படி சொன்னவர் திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர். போகிறார். யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்கிறார் இவர். அந்தக் காலத்தில் அந்தப் பெயர் ஒன்றே போதும், எந்த வீட்டுக் கதவும் திறக்கும். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

என்னென்ன படித்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. இவர் அந்தாதிகளைச் சொல்லத் தொடங்குகிறார். பிறகு பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று வரிசையாக வருகிறது. முதலியார் அசையவில்லை. பெரிய நூல்களையும் இவர் எடுத்துச் சொல்லிப் பார்க்கிறார். இவையெல்லாம் படித்து என்ன பயன் என்ற தோரணையிலேயே முதலியார் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில், பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. மணிமேகலை, சிலப்பதிகாரம்? அவையும் இல்லை.

ஏழு வருஷம் கழித்து, 1887இல், சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர் இதே சாமிநாதையர். அதற்குப் பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஏடு தேடி நம் திருநெல்வேலிச் சீமைக் கவிராயர் வீடுகள் வரைக்கும் வந்தார். அந்த அலைச்சல் முழுவதும் தொடங்கியது முன்சீப் வீட்டில் ‘இல்லை’ என்று சொல்ல நேர்ந்த அந்த வியாழக்கிழமையில்தான்.

என்னை மகிழ்வித்தது எது என்றால், அன்று தோற்றுப்போனதே ஒரு பட்டியல்தான். தான் யார் என்று காட்ட ஓர் இளைஞர் தலைப்புகளை அடுக்குகிறார், கேட்பவர் அசையவில்லை. நம் விழா மலர்களின் முதல் மூன்று வரிக்கும் இதே கதிதான் நேர்கிறது, நாம் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இவ்வளவு நல்ல நிகழ்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தம் சரித்திரத்தை அதிலிருந்து தொடங்கவில்லை. 1940இல் ஆனந்த விகடனில் அந்தத் தொடர் ஆரம்பித்தபோது முதலில் வந்தது அவருடைய ஊர்க் கதை. தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்டாராம். பரிகாரமாக ஓர் அக்கிரகாரம் அமைத்து, வீடும் நிலமும் தானம் கொடுத்தாராம். அதுதான் உத்தமதானபுரம். ஒருவர் வெற்றிலை போட்டதால் ஓர் ஊர் உண்டாகி, அந்த ஊரில் ஒருவர் பிறந்து, அவரால் சிந்தாமணி அச்சேறியது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நூற்றுக்கு மேல் அத்தியாயம் எழுதப்போகிறவருக்கு ஊரிலிருந்து தொடங்க இடம் இருந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோதும் தொடர் முடிந்திருக்கவில்லை. ஆனால் 120 சொல்லில் குறிப்பு எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் நேரே முன்சீப் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

எப்படிப் போவது? நான் எழுதினால் இப்படி: ‘1880இல் கும்பகோணத்தில் ஒரு முன்சீப், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை என்றார் 25 வயதுத் தமிழாசிரியர் சாமிநாதையர். ஏழு ஆண்டில் அதை அவரே பதிப்பித்தார்.’ மூன்று வாக்கியம். இருபது சொல்லுக்கு ஒன்று குறைவு. இதற்கு மேல் நிகழ்ச்சியை நீட்டக் கூடாது. குறிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அது குறிப்பாக இருக்காது, கதையாகிவிடும். மூன்றாவது வாக்கியம் வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் வம்பு. அதன் பிறகு மற்றப் பதிப்புகள், கடைசியில் பட்டங்கள். இந்த இடத்தில் வரும்போது மகாமகோபாத்தியாயர் என்ற சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது, எதற்காகக் கொடுத்தார்கள் என்று படிப்பவருக்குத் தெரியுமே.

எந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டாலும், பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் தள்ளிவிடுங்கள். ‘சிறு வயதிலேயே தெருவிளக்கில் படித்தார்’ என்பது எத்தனை பேருக்குப் பொருந்தும்! முன்சீப் வீட்டு நிகழ்ச்சி சாமிநாதையரைத் தவிர யாருக்கும் பொருந்தாது.

போன மாதம் பாவூர்சத்திரம் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு விழா மலரில் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அவருடைய தம்பி மகன் ஒரு தாளோடு வந்தான். “அண்ணாச்சி, பெரியப்பா பதவி ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது. முதல்லயே வந்துரணும்.” நிகழ்ச்சி ஏதாவது சொல்லுப்பா என்றேன். அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாகக் காய் கொடுத்ததைச் சொன்னான். நல்ல காரியம்தான், ஆனால் அது சட்டை மாற்றிக்கொண்டு வந்த ‘கொடை வள்ளல்’. பெரியவரிடமே போய்க் கேட்டேன். முதல் நாள் ஏலம் விட்டபோது குரல் எழும்பாமல், கத்தரிக்காய் விலையை வெண்டைக்காய்க்குச் சொல்லி, வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்ததைச் சொன்னார். அதைத்தான் எழுதினேன். ஆள் கொஞ்சம் சறுக்கிய இடம் என்றால் படிப்பவர் நம்புகிறார். பிறகு சொல்லும் பெருமைகளையும் அந்த நம்பிக்கையிலேயே ஏற்றுக்கொள்கிறார். பையனுக்குத் திருப்தியில்லை. “பதவியெல்லாம் எங்க அண்ணாச்சி?” என்றான். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அத்தனையும் போடச் சொன்னேன். குடும்பத்துக்குப் பட்டியலும் கிடைத்தது, கட்டுரைக்கு முதல் வரியும் கிடைத்தது. மலர் போடுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி உண்மையாக இருந்தும் காலை வாரிவிடும் இடம் ஒன்று உண்டு. பாரதியைச் சொல்கிறேன். திருவல்லிக்கேணி கோயில் யானை அவரைத் தள்ளியது 1921இல். குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார். குறிப்பெழுத வருகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் தொடங்குகிறார்கள். விளைவு, யானை அடித்து பாரதி இறந்தார் என்று ஊரே நம்புகிறது. அவர் அதிலிருந்து பிழைத்து எழுந்தார், ஈரோடு கருங்கல்பாளையம் போய்ப் பேசினார். செப்டம்பரில் அவர் இறந்தது வயிற்றுக்கடுப்பால். முதல் வரி படிப்பவர் மனதில் மற்ற வரிகளைவிட ஆழமாகப் பதியும். பொருந்தாத நிகழ்ச்சியை அங்கே வைத்தால் பின்னால் எழுதும் திருத்தம் எடுபடாது.

பாரதிக்கு வேறு தொடக்கம் இருக்கிறது, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. பாவூர்சத்திரத்திலிருந்து தெற்கே போனால் கடையம், செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியை விட்ட பிறகு அவர் அங்கே குடியிருந்தார். 1920இல் தம் எழுத்து முழுவதையும் 40 புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 படி அச்சிடப் போவதாகத் திட்டம் போட்டுப் பண உதவி கேட்டுக் கடிதங்கள் அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல அவை சாதாரணமாக விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. கையில் காசில்லாத ஒரு மனிதர் கடையத்தில் உட்கார்ந்து நான்கு லட்சம் புத்தகங்களுக்குக் கணக்குப் போடுகிறார். யானை சொல்லாத பாரதி இதில் வந்துவிடுகிறார்.

எல்லோருடைய வாழ்க்கையிலும் திரும்பும் நாள் என்று ஒன்று இருக்காது. நம் ரசிகமணி டி.கே.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீல் படிப்பு, மேலவை உறுப்பினர், அறநிலையத் துறை ஆணையர் என்ற பட்டியல் அவரைத் தொடவே தொடாது. ஒரு தனி நாளைத் தேடினாலும் சிக்காது. வண்ணார்பேட்டை வீட்டின் வட்டத் தொட்டியில் நண்பர்களைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்தாரே, அது நிகழ்ச்சி இல்லை, பழக்கம். அப்படிப்பட்டவருக்குப் பழக்கத்திலிருந்தே தொடங்கலாம். ஒருநாள் நடந்ததாகக் கதை கட்டக் கூடாது.

நிகழ்ச்சியே வேண்டாத குறிப்புகளும் உண்டு. மருத்துவமனைப் பலகையில் டாக்டர் எதற்குப் படித்தவர் என்றுதான் பார்ப்போம். வேலை விண்ணப்பம், வேட்பாளர் விவரம், தேர்வுக்குழுவுக்கு அனுப்பும் குறிப்பு, இவற்றைப் படிக்கிறவர் ஒரு தகவலைத் தேடி வருகிறார். அதை மறைத்து வைத்துக் கதை சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும். ஆளைத் தெரிந்துகொள்ள வருகிறவருக்கு நிகழ்ச்சி, தகுதியைச் சரிபார்க்க வருகிறவருக்குப் பட்டியல்.

ஆண்டுகள் அடுத்த வாரம், இந்த முறை நிச்சயம். அதற்குள் உங்கள் வீட்டில் கிடக்கும் ஒரு விழா மலரை எடுத்து, ஒரே ஒரு குறிப்பின் முதல் வரியைப் பட்டியல் இல்லாமல் மாற்றி எழுதி எனக்கு அனுப்புங்கள். பெயரை மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.