புல்-அப் பார்: எடை கீழே, இழுப்பு வெளியே

வீட்டில் புல்-அப் பார் மாட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் கம்பியின் பலத்தைத்தான் பார்க்கிறார்கள். கம்பி வளைந்து விழுவது அபூர்வம். சுவரிலிருந்து போல்ட் பிடுங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கமாக நடப்பது. அதற்குக் காரணம் ஒரு எளிய கணக்கு.

75 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார் சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளி நிற்கிறது. அதைத் தாங்கும் பிராக்கெட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 25 செ.மீ. அவருடைய எடை பாரைக் கீழே அழுத்துவதோடு நிற்காது. சுத்தியலின் கொண்டி ஆணியைப் பிடுங்குவது போல, பிராக்கெட்டின் கீழ் முனை சுவரில் ஊன்ற, மேல் முனை வெளியே இழுக்கும். 75-ஐ 50-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் மேல் போல்ட்டுகளின் மீது விழும் மொத்த இழுப்பு தெரியும்: ஏறக்குறைய 150 கிலோ. இது அசையாமல் தொங்கும்போது. எகிறிப் பிடித்தால் இன்னும் ஏறும். ஆகவே கடையில் வாங்கும்போதே மேல், கீழ் துளைகள் நன்றாகத் தள்ளியிருக்கும் பிராக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த கேள்வி, அந்த மேல் போல்ட்டுகள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது. நம் வீடுகளில் கதவு, ஜன்னல்களுக்கு மேலே, பொதுவாகத் தரையிலிருந்து 7 அடி உயரத்தில், கான்கிரீட் லின்டல் இருக்கும். பல வீடுகளில் அது சுவர் நெடுகப் பட்டையாக ஓடும். கனம் சுமார் 6 அங்குலம். மேல் போல்ட்டுகள் அதன் நடுவில் இறங்கும்படி உயரத்தைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் மாட்டவே வேண்டாம்.

டிரில் போடும்போது வரும் தூளைக் கவனியுங்கள். சாம்பல் நிறத்தில் வந்து பிட் மெதுவாக இறங்கினால் கான்கிரீட். சிவப்பாக வந்தால் செங்கல். பிட் திடீரென்று வழுக்கி உள்ளே போனால் ஹாலோ பிளாக். வெள்ளைத் தூளோடு வெண்ணெயாய் இறங்கினால் ஏ.ஏ.சி. பிளாக். விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்கு ஏற்றது. செங்கலில் அதே விரிசல் அழுத்தம் கல்லையே பிளந்துவிடலாம். அங்கே ரசாயனப் பசை ஊற்றி நிறுத்தும் கெமிக்கல் ஆங்கர் நல்லது. பசை இறுகப் பாக்கெட்டில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. சுவர்களில் இடத்தை மாற்றுவதே புத்திசாலித்தனம். இடையில் இரும்புக் கம்பி தட்டுப்பட்டால் நிறுத்தி, துளையைத் தள்ளிப் போடுங்கள்.

மேலே இருக்கும் பூச்சு எந்தப் பாரத்தையும் தாங்காது. ஆகவே ஆழத்தைப் பூச்சுக்குப் பின்னால் இருந்து அளக்க வேண்டும். துளைக்குள் தங்கிய தூளை பிரஷ்ஷால் தேய்த்து ஊதி எடுத்துவிடுங்கள். தூள் இருந்தால் பிடிப்பு குறையும். ஸ்பேனரால் முடுக்கும்போது நட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் துளை கெட்டுவிட்டது. அதையே மறுபடி நம்பக்கூடாது.

கதவு நிலைக்குள் முறுக்கிப் பொருத்தும் பார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை வெறும் உராய்வில் நிற்பவை. இரு பக்கக் கிண்ணங்களையும் கனமான மர நிலையில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தினால்தான் நம்பலாம். பிவிசி நிலைக்கு ஆகாது. முறுக்கியபின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் நிலை விரிகிறது என்று பொருள், கழற்றிவிடுங்கள். நிலைக்கு மேல் கொக்கி போட்டு மாட்டும் வகைக்கு அகலமான சட்ட விளிம்பு வேண்டும். நம் வீடுகளில் நிலை பெரும்பாலும் சுவர்ப் பூச்சோடு சமமாக இருப்பதால் அந்தக் கொக்கிக்குப் பிடி கிடைக்காது.

இனி சோதனை. பிராக்கெட்டின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பாருக்குக் கீழே எடை மெஷினை வைத்து அதன் மேல் நின்று பாரைப் பிடித்து இழுங்கள். மெஷினில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பாரில் ஏறியிருக்கிறது. 20 கிலோ, 40 கிலோ என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். தாங்கினால் அடுத்து உங்கள் எடையைப் போல இரண்டு மடங்கு, ஆள் இல்லாமல். 75 கிலோ ஆளுக்கு, 25 கிலோ மணல் நிரப்பிய ஆறு அரிசிச் சிப்பங்கள். அவற்றைப் பலகைகளின் மேல் வைத்துக் கயிற்றால் பாரில் கட்டி, பலகைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். தரைக்கும் சிப்பத்துக்கும் நாலு விரல் இடைவெளி போதும்; அறுந்தாலும் யார் மேலும் விழாது.

பத்து நிமிடம் கழித்து இறக்கிப் பாருங்கள். கோட்டிலிருந்து பிராக்கெட் நகர்ந்திருக்கிறதா, அதன் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே காகிதம் நுழைகிறதா, தரையில் புதுத் தூள் விழுந்திருக்கிறதா, பூச்சில் மயிரிழை விரிசல் தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்னும் முடுக்கிச் சமாளிக்காதீர்கள். கழற்றி வேறு இடத்தில் மாட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் மாதம் ஒருமுறை இதே நான்கையும் பார்த்துவிட்டு, ஊஞ்சலாடாமல் தொங்குங்கள்.