சைவமும் அசைவமும் ஒரே சமையலறையில்: நோயாளி உள்ள வீடுகளுக்கான விளக்கம்

கார்த்திகை பிறந்ததும் தேனி மாவட்டத்தில் பல வீடுகளில் மாலை அணிந்து, கம்பம், குமுளி வழியாகச் சபரிமலை செல்வர். மாலை அணிந்தவர் உள்ள வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. அதே வீட்டில் நோயாளி ஒருவர் இருப்பின் என்ன செய்வது?

மார்க்கையன்கோட்டையில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் மாலை அணிந்துள்ளார். தந்தை காசநோய்க்கு மாத்திரை உட்கொள்கிறார். நாள்தோறும் இரண்டு முட்டை உண்ணுமாறு மருத்துவர் கூறியுள்ளார். தாயார் எவரிடமும் கேளாமல் முட்டையை நிறுத்திவிடுகிறார். தந்தையும் வாய் திறப்பதில்லை. பூசல் எழவில்லை, ஆனால் 41 நாள்களில் அவரது எடை குறையக்கூடும்.

இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் உள்ளது. ஒரு கைப்பிடி (25 கிராம்) நிலக்கடலையும் ஒரு தம்ளர் (200 மி.லி.) பாலும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். இவற்றை வழக்கமான உணவுடன் கூடுதலாகத் தர வேண்டும். நோயாளி முட்டையையே விரும்பினால், தனிப் பாத்திரத்தில், கொல்லைப்புறத்தில் தனி அடுப்பில் ஓட்டுடன் வேகவைத்து, அங்கேயே உரித்துக் கொடுக்கலாம். எது என்பதை நோயாளியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்; அவருக்காக மற்றவர் முடிவு செய்வதே பெரும்பாலும் மனத்தாங்கலுக்குக் காரணம்.

ஆண்டு முழுவதும் சைவம் உண்ணும் மூத்தவர் உள்ள வீட்டில், இறைச்சி சமைக்கும் நாளில் கூடுதல் கவனம் தேவை. பச்சைக் கோழி இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். குழம்பு நன்கு கொதிக்கும்போது அவை மடிந்துவிடும். ஆனால் அதே பலகையில் நறுக்கிய வெங்காயத் தயிர்ப் பச்சடி அடுப்பில் ஏறுவதில்லை. ஆகவே இறைச்சியைத் தொடாதவருக்கே வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரக்கூடும். சில மணி நேரம் முதல் சில நாள்கள் கழித்துத் தோன்றுவதால் காரணம் புலப்படாமல் போவதும் உண்டு. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இது கடுமையாகலாம்.

எனவே சைவச் சமையலை முதலில் முடித்து மூடி வையுங்கள். இறைச்சிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை, தனிக் கரண்டி, பாத்திரம் தேய்க்கத் தனி நார் வைத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் கோழியைக் கழுவினால் நீர் தெறித்து மற்ற பாத்திரங்களில் படும். கழுவாமலே சமைக்கலாம், வேகும் வெப்பமே போதும். குளிர்சாதனப் பெட்டியில் இறைச்சியை மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் அதன் நீர் கீழே உள்ள தயிரில் சொட்டும்.

கரண்டியைச் சோப்பிட்டுக் கழுவினால் கிருமி நீங்கும். மூத்தவரின் மனக்குறை நீங்காது. “கழுவிவிட்டோமே, இன்னும் என்ன?” என்று அவரிடம் வாதிடுவதில் பயனில்லை. தனிக் கரண்டி ஒன்று வாங்குவது எளிது.

காசநோயாளிகளுக்கு நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. கடலை, பால், முட்டை எதுவாயினும் இத்தொகையில் வாங்கலாம். விரதக் காலத்திலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பாருங்கள். குறைந்திருந்தால், வீட்டில் உணவு எவ்வாறு மாறியது என்பதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.